தன் பேரைப் போட்ட மின்னஞ்சல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் படுக்கை விரிப்பை, எதிர்முனை பிடிக்க ஆள் இல்லாமலே மூலைக்கு மூலை சேர்த்து மடித்துவிடுவாள். அக்கா கல்யாணத்துக்குப் பள்ளிக்கூடம் நின்றது, தம்பிக்கு அம்மை என்று நின்றது, இப்படி அறுந்து அறுந்து போன படிப்பில் இங்கிலீஷ் பரீட்சை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு கல்யாணம், ரெண்டு பிள்ளை, மாமனாருக்குப் பக்கவாதம். பெரிய மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, மாமனாரைப் புரட்டித் துடைத்து ஊட்டியது இவள்தான். அந்த வேலை தனக்குக் கைவருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் படிப்பில் சேர வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. பயிற்சி நிலையம் ஆஸ்பத்திரிக்கு எதிர்வாடையிலேயே இருந்தது. சேர இங்கிலீஷ் பாஸாகி இருக்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தது நாத்தனார். புருஷனின் கடைசித் தங்கை, டியூட்டோரியலில் பாடம் எடுப்பவள், சிவப்புப் பேனாவும் கையுமாகவே பிறந்தவள்.

“பயிற்சி நிலையத்துக்கு விசாரிச்சு மின்னஞ்சல் எழுதுற கேள்வி வந்தே தீரும் அண்ணி. கடுதாசி மாதிரி மேல வீட்டு விலாசம் எழுதாதீங்க. அவங்க மின்னஞ்சல் முகவரி, அடுத்து பொருள், ஒரே வரி. ஐயா அம்மான்னு ஆரம்பிச்சு, விளம்பரத்தை எங்க பாத்தீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் கட்டணம், நேரம், சான்றிதழ். நன்றி சொல்லி முடிங்க.”

“தவணையா கட்டலாமான்னு கேக்கலாமா?”

“கேளுங்க, நல்லா இருக்கும்.”

“ஷிப்ட் முடிஞ்சு ஓடி வந்தா சேத்துக்குவாங்களா? சின்னவன அன்னிக்கு யாரு பாத்துக்கு…”

“அண்ணி! உங்க குடும்பக் கதைக்கு மார்க் கிடையாது. சாயங்கால வகுப்பு உண்டா, அவ்வளவுதான். சான்றிதழுக்கு அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க.”

விரிப்பு மடிக்கும்போதெல்லாம் அதை முணுமுணுத்தாள். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. சந்தோஷத்தில் கை தானாக ஓடியது. கடைசியில் எக்ஸ் ஒய் இசட் என்று கையெழுத்துப் போடும்படி கேள்வியில் இருந்தது. பேனாவை நிறுத்தினாள். இத்தனை விவரம் கேட்டுவிட்டு அனாதைப் பேரைப் போட்டால் எவன் பதில் சொல்வான்? தன் பேரை முழுசாக எழுதி, கீழே போன் நம்பரையும் போட்டாள்.

முடிவு வந்த அன்று, அவள் எண்ணுக்கு எதிரே மார்க் இல்லை. நிறுத்திவைப்பு என்று இருந்தது. அரை நாள் லீவு போட்டுத் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள்.

“திருத்துறவங்களுக்கு இது யாரோட தாள்னு தெரியக் கூடாதும்மா,” என்றார் அங்கிருந்த எழுத்தர். “நீங்க பேரும் போட்டு நம்பரும் குடுத்திருக்கீங்க. என்னைக் கூப்பிட்டுப் பேசுன்னு சொன்ன மாதிரி ஆகாதா?”

“நான் கூப்பிடச் சொன்னது பயிற்சி நிலையத்தை சார்.”

“அவங்களா உங்க தாளைத் திருத்துறாங்க? பேரு, நம்பர் எதுவும் உள்ள எழுதக் கூடாதுன்னு விடைத்தாள் முன்பக்கத்துல அச்சடிச்சிருக்கே, வாசிக்கலையா?”

வாசிக்கவில்லை. கேள்வியைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளியிருந்தாள். விளக்கம் எழுதிக் கொடுத்தும் பயன் இல்லை. தாள் ரத்து, அடுத்த பரீட்சைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

“கேள்வியிலயே பேரு குடுத்திருந்தானே அண்ணி!” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன் அதைப் போடணும்னு நீ ஒரு தடவையாவது சொன்னியா? பொருள் எழுது, நன்றி எழுதுன்னு உயிரை வாங்கினியே!”

“அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு…”

“எனக்குத் தெரியலடி!”

“உன் போனைக் குடு” என்று நாத்தனாரிடம் வாங்கி, மனப்பாடம் செய்த அதே மின்னஞ்சலை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தி, பயிற்சி நிலையத்துக்கே நிஜமாக அனுப்பினாள். பேரும் நம்பரும் போட்டுத்தான்.

பதில் வந்தது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். சாயங்கால வகுப்பு உண்டு. சான்றிதழுக்கு அங்கீகாரம் உண்டு. அவள் கேட்டது ஒன்று விடாமல் அவளுக்குத் தோதாகவே இருந்தது. கடைசி வரியில், இங்கிலீஷ் தேர்ச்சிச் சான்றை இணைத்து இந்த மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும், அடுத்த சேர்க்கை வரும் வருஷம்தான் என்று இருந்தது.

அன்று சலவைக்கூடத்தில் அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சாயங்காலம் நாத்தனார் கேள்வித்தாளை நீட்டினாள். இவள் மறுபடி முதலிலிருந்து எழுதினாள். கடைசியில் எக்ஸ் ஒய் இசட் என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தினாள்.

“இப்ப முழு மார்க் அண்ணி,” என்று நாத்தனார் தணிந்த குரலில் சொன்னாள்.

“சந்தோஷம். அந்த எக்ஸ் ஒய் இசட் அங்க படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் எனக்குச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு, நாளைய ஷிப்டுக்குச் சீருடையைத் துவைக்க எழுந்து போனாள்.