தொட்டித் தண்ணீர்

கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர் வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். சுவரின் நேர் பார்க்க நூலில் தொங்கும் குண்டாவது ஆடி ஆடி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இவர் நிற்கமாட்டார், சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு உள்ளங்கை தடித்து, பாளம் பாளமாக வெடித்தது. பூச்சுக் கரண்டியைப் பிடித்தால் மிளகாய் அரைத்த கைபோல எரிந்தது. பூச்சுவேலை தவிர வேறு பிழைப்பு தெரியாத மனிதர். அவர் பூசும் கட்டடத்திலேயே கலவை சுமக்கும் அவர் மனைவி நச்சரித்து நச்சரித்து ரப்பர் கையுறை வாங்க வைத்தாள். அதைப் போட்டபின் எரிச்சல் இரட்டிப்பானது.

கையுறைமேல் பழிபோட அதையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனார். அந்த அம்மா அதை உள்புறமாகத் திருப்பினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஈரக் குழம்பு.

“இதை எங்க கழுவுறீங்க?”

“கரண்டி, சட்டியெல்லாம் கழுவுற தொட்டியிலதாம்மா. கையையும் அதுலதான்.”

மருத்துவர் தலையில் கைவைக்காத குறை. ஈரச் சிமெண்ட் சுண்ணாம்புபோலக் கடுங்காரம், தோலின் எண்ணெயை எடுத்து மேல்தோலையே அரித்துவிடும், பட்டவுடன் சுடாது, மணிக்கணக்கில் வேலை செய்து தெரிய வரும்போது புண்ணாகியிருக்கும், என்றார். கலவையின் மணல் தோலை உரசி அதற்கு வழிவிடும். தொட்டித் தண்ணீரிலும் அதே காரம்தான் கரைந்திருக்கிறது. அதைக் கையுறைக்குள் அடைத்து வைத்தால் கேட்க வேண்டுமா? முதுகில் மருந்து ஒட்டிச் சோதித்து, சில நாள் கழித்து இன்னொன்றும் சொன்னார். சிமெண்டில் இருக்கும் குரோமியம் அவருக்கு ஒவ்வாமை ஆகிவிட்டது.

“புண்ணு ஆறிடும். ஒவ்வாமை போகாது. கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும். வேற வேலை பாருங்க.”

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். சாயங்காலம் வந்த மனைவி பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நடந்தாள். அலுப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தால் ரத்தம் கசிந்த வெடிப்புகள்.

“ஏன் சொல்லல?”

“ரெண்டு பேரும் படுத்துட்டா அடுப்பு எப்படி எரியும்?”

தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த தன்மேல் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அவளை மருத்துவரிடம் அழைத்துப்போனார். கலவை தெறித்த காலை அவளும் அதே தொட்டியில்தான் கழுவியிருந்தாள். புண் ஆறும்வரை கலவைப்பக்கமே போகக்கூடாது என்றாகிவிட்டது. ஆறி அவள் திரும்பிய அன்று அவரும் கூடவே போனார். குழாய்த் தண்ணீரை ஒரு வாளி பிடித்து, சோப்போடு தொட்டிக்கு எதிர்ப்புறம் வைத்தார். வேலைக்கு வராதவருக்கு இங்கே என்ன நாட்டாமை என்று மேஸ்திரி கேட்டார். கொத்தனார் கையை விரித்துக் காட்டினார். மேஸ்திரி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில் அவள் பழக்கதோஷத்தில் தொட்டியை நோக்கிப் போனாள். அவர் ஓடிவந்து மறித்தார். கலவை தெறித்த அந்தக் காலை அவர் தொடக்கூடாது. எட்டி நின்று வாளித் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினார்.

“போதும், எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். விரலிடுக்குல தேய்.”