சிவப்பு அம்பு ஒட்டிய பொங்கல்

ராஜாமணிக்கு எதைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது குறைதான். அவர் மேல் தப்பில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பதினாறு வருஷம் பெயின்ட் பரிசோதனையில் நின்றவர். நிழலே விழாதபடி நாலு பக்கமும் டியூப்லைட் எரியும் கூண்டுக்குள் கார் வந்து நிற்கும். கீறலோ தூசியோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போக வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் கூட, கதவில் வார்னிஷ் திரண்டிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் வாங்கினார். அப்படியும் கனகலட்சுமி சம்மதித்தாள் என்பதுதான் ஆச்சரியம்.

கம்பெனி கைகழுவிவிட்ட பிறகு, வந்த பணத்தைப் போட்டுப் பிள்ளைப்பாக்கம் சாலையில் ஒரு மெஸ் திறந்தார். சமையல் கனகலட்சுமி. அவள் பொங்கலைச் சாப்பிட்டவன் மறுநாளும் வருவான். ஆனால் சாப்பிட முதலில் ஆள் வர வேண்டுமே! எட்டு மாதமாக மேசைகள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மண்ணூரில் இருக்கும் பெண்கள் விடுதியிலிருந்து வார்டன் போன் செய்தார். நூற்றி நாற்பது பெண்கள், எல்லாரும் கம்பெனி வேலை. காலை டிபன் யாரிடம் வாங்குவது என்று அவர்களே வீடியோ பார்த்து முடிவு செய்வார்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குள் முப்பது விநாடி வீடியோ வந்தாக வேண்டும். போட்டிக் கடை ஏற்கெனவே அனுப்பிவிட்டது. இது கை நழுவினால் மெஸ்ஸை இழுத்து மூடிவிட்டு மறுபடி எங்காவது ஒப்பந்தக் கூலியாக நிற்க வேண்டியதுதான். ராஜாமணிக்கோ வயது ஐம்பது.

வீடியோ எடுக்க அக்கா மகள் கவிப்பிரியாவை வரவழைத்தார். அவளுக்குப் போன் கம்பெனியில் லைன் வேலை, லீவு நாளில் ஜூஸ் கடைக்கும் பியூட்டி பார்லருக்கும் ரீல்ஸ் எடுத்துக் கொடுப்பாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே புதிதாக வாங்கிய ஆறு டியூப்லைட்டும் எரிந்தன, மின்விசிறி சுழன்றது, நடுவில் ஒரு இட்லி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது.

“இன்னா மாமா இது, ஆபரேஷன் தியேட்டரா?”

“நிழலே வுழாது பாரு. ஒரு புள்ளி இருந்தாலும் தெரியும்.”

“இட்லிக்கு நிழல் வேணும் மாமா. நிழல் இல்லன்னா அது தட்டையா சுண்ணாம்பு கட்டி மாதிரி கீது.”

எல்லா விளக்கையும் அணைத்தாள். ஆவியைக் கலைக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்தினாள். மேற்கு ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, பக்கத்துச் சுவரில் அவருடைய பழைய கறுப்பு மழைக்கோட்டை மாட்டினாள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னால் கறுப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் ஆவி வெள்ளையாகத் தெரியும் என்றாள். ஒவ்வொரு காட்சியும் ஒன்றரை விநாடி. நெய் சரியத் தொடங்கும், வெட்டு. பொங்கலில் விழும், வெட்டு. வடை உடையும், வெட்டு. ஓர் அசைவிலிருந்து அடுத்த அசைவுக்குத் தாவ வேண்டும்.

எல்லாம் சரி, வெளிச்சம்தான் போதவில்லை. காலை வெயில் கிழக்கே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி வந்து ஜன்னலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. கன்டெய்னர் பளிச்சென்ற வெள்ளை. கிழக்கு வெயில் அதில் பட்டுத் திரும்பி, பால் ஊற்றியது போல் மேசை முழுக்க மெத்தென்று பரவியது.

“மாமா! அந்த லாரிய நகர வுடாதீங்க!”

டிரைவர் கொம்பையா விளாத்திகுளத்துக்காரர். கறுப்பு டிசர்ட், அகலமான தோள். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போக வந்தவரின் கையை ராஜாமணி பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, வண்டி அப்படியே நிக்கட்டும். நீங்க இன்னா சாப்ட்டாலும் காசு வாணாம்.”

“பதினோரு மணிக்கு நான் கம்பெனி கேட்டுல நிக்கணும் அண்ணாச்சி. அதுவரைக்கும்னா, வயிறு என்ன சொல்லுதோ கேட்டுக்கிடுதேன்.”

வயிறு சம்மதித்தது. ஆனால் ராஜாமணி படம் பிடிக்க விடவேண்டுமே! அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டையும் வாசற்படியிலேயே மறித்து, டார்ச் அடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வடையின் ஓட்டை நடுவில் இல்லை: தட்டு விளிம்பில் சிவப்பு அம்பு. பழைய கம்பெனி ஸ்டிக்கர், பையில் எப்போதும் இருக்கும். இட்லி ஒருபக்கம் சரிவு: அம்பு. அம்பு ஒட்டிய தட்டெல்லாம் நேராகக் கொம்பையாவுக்குப் போனது. குறையில்லாத தட்டுதான் கேமராவுக்கு. ஆனால் குறையில்லை என்று முடிவுகட்ட அவருக்கு முழுதாக ஒரு நிமிஷம் பிடித்தது, இட்லியின் ஆவிக்கோ ஆயுளே அரை நிமிஷம்தான்.

பத்தரை வரை படம் பிடித்ததில் ஆவி எழும் காட்சி ஒன்றுகூட இல்லை. கேமராவுக்கு வந்ததெல்லாம் ஆறிப்போனவை, கொம்பையாவுக்குப் போனதெல்லாம் கொதிப்பவை.

“ஆவிதானே வோணும்?” என்று ராஜாமணி இட்லிக்குப் பின்னால் சாம்பிராணி போட்டார். புகை எழுந்ததும் கொம்பையா எச்சில் கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கவிப்பிரியா தலையில் கை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கனகலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பொங்கலைத் தட்டில் அள்ளி, நெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு வந்தாள். “நவுருய்யா!” என்று கணவனை இடித்துத் தள்ளிவிட்டு நேராகப் போய், ஜன்னல் மேசையின் மறுகோடியில் இருந்த கொம்பையா முன்னால் வைத்தாள். ராஜாமணி விடாமல் பின்னாலேயே ஓடினார். நெய் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது, முந்திரி ஒன்று உடைந்திருந்தது. ஓடின ஓட்டத்தில் ஓர் அம்பை ஒட்டியும் விட்டார்.

கொம்பையா பொங்கலை விண்டார். உள்ளே அடைபட்டிருந்த ஆவி குபுக்கென்று எழுந்து, அந்தக் கறுப்பு டிசர்ட் முன்னால் சுருள் சுருளாக ஏறியது. ஜன்னல் வெளிச்சம் அதன் ஓரத்தைப் பளபளக்க வைத்தது. ஒரு வாய் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். கவிப்பிரியா எப்போது எழுந்தாள், எப்போது போனை நீட்டினாள் என்று யாருக்கும் தெரியாது.

சற்று நேரத்தில் லாரி கிளம்பியது. வெளிச்சமும் அதோடு போய்விட்டது. மூலையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கவிப்பிரியா அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாமாவிடம் காட்டினாள். கரண்டி, வடை, சட்னி என்று படபடவென ஓடிய வீடியோ, கடைசியில் பொங்கலில் வந்து நின்றது. வழிந்த நெய். உடைந்த முந்திரி. விளிம்பில், பெரிதாக, சிவப்பு அம்பு.

“அடிப்பாவி! ரிஜெக்ட் பண்ணதையா போட்டுக்கினு கீற!” என்று ராஜாமணி அலறினார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பதினாறு வருஷத்தில் அம்பு ஒட்டிய ஒரு காரைக்கூட வெளியே விடாதவர் அவர்.

ஒரு மணிக்கு வார்டன் பேசினார். பெண்கள் முடிவு செய்துவிட்டார்களாம். நாளை காலையிலிருந்தே வேண்டுமாம். ஒரே ஒரு நிபந்தனை.

“அந்த கறுப்பு சட்டைக்காரர் கண்ண மூடிட்டு சாப்பிடுறாரு பாருங்க, அதேதான் வேணுமாம். சிவப்பு அம்பு போட்டது ஏதோ ஸ்பெஷல்னு நினைக்கறாங்க. அம்பு இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவாங்களாம்.”

ராஜாமணி போனை வைத்தார். சந்தோஷம்தான், ஆனாலும் ரிஜெக்ட் ஆனதைத்தான் கேட்கிறார்களே என்று குத்தியது. பிறகு சமையல்கட்டுக்குப் போய், சட்டியில் ஒட்டியிருந்த பொங்கலை வழித்து, நின்றபடியே வாயில் போட்டார். கடை திறந்த எட்டு மாதத்தில் டார்ச் அடிக்காமல் அவர் சாப்பிட்டது அன்றுதான்.

“எப்டி கீது?” என்றாள் கனகலட்சுமி.

அவர் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை நூற்றி நாற்பது பொட்டலங்கள் வரிசையாக நின்றன. ராஜாமணி ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் குறையையும் தேடாமல், அம்பு ஒட்டிக்கொண்டே போனார்.