இசக்கி திறந்த கதவு

பாளையங்கோட்டையில் வரலாற்று ஆசிரியையாக இருந்த ஞானசௌந்தரிக்கு ஜெர்மன் தெரியும். 1994இல் அவருடைய ஊர்த் திருச்சபை நூற்றைம்பதாம் ஆண்டு மலரைத் தயாரித்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த பழைய மிஷன் அறிக்கையின் நகலை அவரிடம் கொடுத்தார்கள்.

பழைய ஜெர்மன் அச்சு; எழுத்தெல்லாம் கொக்கியும் முள்ளுமாக இருந்தது. பெண்பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிய வரியில் முதல் சொல்லை ‘ஜ்ஃபக்கி’ என்றுதான் அவரால் படிக்க முடிந்தது. கடைசிச் சொல் அகராதியிலேயே இல்லை.

பல பக்கங்களை ஒப்பிட்ட பிறகே விஷயம் பிடிபட்டது. அந்த அச்சில் ‘ஐ’, ‘ஜே’ இரண்டுக்கும் ஒரே பெரிய எழுத்து. ‘எஃப்’ என்று நினைத்தது நீண்ட ‘எஸ்’. அதன் குறுக்குக்கோடு ‘எஃப்’பில் போல வலப்பக்கம் நீளவில்லை. ஆக, முதல் சொல் ‘இசக்கி’. கடைசிச் சொல்லில் ‘டி’யை அடுத்து, பழைய எழுத்துக்கூட்டலில் வந்த ‘எச்’சை விட்டுவிட்டுத் தேடினால், கதவு என்று பொருள் கிடைத்தது.

ஞானஸ்நானம் பெறாத இசக்கிதான் முதலில் பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள் என்றது அந்த வரி.

சபைச் செயலர் வேதநாயகம் முகம் சுளித்தார். “இசக்கி அம்மன் பேருல்லா? பள்ளிக்கூடத்த சாராள்தான் ஆரம்பிச்சான்னு மலர்ல எழுதிட்டோமே. அப்படியே இருக்கட்டும்மா.”

“சாராள் இவகிட்ட படிச்ச பிள்ளை அண்ணாச்சி. அடுத்த வரியிலயே இருக்கு.”

ஞானசௌந்தரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினார். வேதநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை பார்த்தார்.

“சரி, இசக்கியை மேல போடு. சாராள் கீழ வரட்டும்” என்றார்.

மலர் அப்படியே வந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். ஞானசௌந்தரி அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்.