மணிக்கட்டில் இருந்த கயவன்

மட்டாஞ்சேரியில் சுக்கு குடோனுக்கு மேல்மாடியில் பச்சை குத்தும் கடை வைத்திருப்பவள் என் தோழி. மலையாளி, பள்ளுருத்திக்காரி. பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவள். பேசுவாள், படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை யார் உடம்பிலும் குத்துவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தாள். அரபி என்றால் மதரசாவில் பாடம் நடத்தும் ஒருவரிடம் கேட்பாள். ஹீப்ரு என்றால் முடியாது என்று அனுப்பிவிடுவாள். தமிழ் என்றால் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள்.

நான் வீட்டில் இருந்தபடி மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். மருந்துச் சீட்டு, கட்டடத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அறிவிப்பு, இப்படி. அதற்கு முன்பு பல வருடம் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு வேலை. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மேசையில்தான் அடிப்பேன். அதனால் தோழி அனுப்பும் படங்களைப் பார்ப்பது எனக்குப் பெரிய சிரமமாக இருந்ததில்லை. 'அண்பு' என்று வந்தால் 'அன்பு' என்று திருத்தி அனுப்புவேன். 'விரம்' என்று வந்தால் ஒரு சுழி போட்டு வீரம் வரவழைப்பேன். பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை விட்டதும் ஒரு நாள் காலையில் மணிக்கட்டு ஒன்றின் படம் வந்தது. நரம்பு தெரியும் வெள்ளைத் தோல். அதில் வெளிறிப் பச்சையாகிவிட்ட சிறிய எழுத்துகள். ஒன்றும் படிக்க முடியவில்லை. தமிழ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

போன் செய்தேன்.

"மோளே, இதை முன்பக்கக் கேமராவில் எடுத்தாங்களா?"

"ஆமா சேச்சி, கடைக்கு வந்திருக்கற வெள்ளைக்காரம்மா, அவங்களே எடுத்து அனுப்பினது."

"அப்ப இடம் வலமா திரும்பியிருக்கு. பின்பக்கக் கேமராவில் நீ எடுத்து அனுப்பு."

புதுப் படம் வந்தது. இப்போது தெளிவாகப் படிக்க முடிந்தது.

கயவாநச.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுபடி போன் செய்தேன்.

"இது என்னன்னு அவங்க நினைக்கறாங்க?"

"அப்பான்னு. அவங்க அச்சன் மரிச்சப்ப அங்கே இங்கிலாந்தில் குத்தினதாம். இப்ப அம்மையும் போயாச்சு. கீழே அதே எழுத்தில் அம்மான்னு குத்தணுமாம். பேப்பரில் அச்சடிச்சே கொண்டுவந்திருக்காங்க. ஏன் சேச்சி, தெற்றா, தப்பா இருக்கா?"

"அந்தப் பேப்பரையும் அனுப்பு."

அனுப்பினாள். அதில் பெரிய எழுத்தில் 'அழவாநச' என்று இருந்தது.

அப்பா என்பது கயவா என்றும், அம்மா என்பது அழவா என்றும் ஆக என்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். யாராவது வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் இதைவிடக் கெட்ட வார்த்தை எழுதியிருப்பார்கள். அதோடு அந்த 'நச'வுக்கு அர்த்தமே இல்லை. நசுக்கு, நாசம் என்று எதையோ சொல்ல வந்து இருமல் வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு சொல்லுக்கும் கடைசிப் பகுதி மட்டும் ஒன்றாகவே இருந்தது: 'வாநச'. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் அப்படி ஒரு பொது வால் கிடையாது. ஆங்கிலத்தில் உண்டு. ஃபாதர், மதர்.

அச்சகத்தில் நாங்கள் பயன்படுத்திய பழைய எழுத்துரு ஒன்று நினைவுக்கு வந்தது. யூனிகோடு வருவதற்கு முந்தையது. அதில் ஆங்கில விசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வடிவம் ஒட்டியிருக்கும்; உச்சரிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எஃப் அடித்தால் க. ஏ அடித்தால் ய. டி அடித்தால் வ. எச் அடித்தால் துணைக்கால். ஈ அடித்தால் ந. ஆர் அடித்தால் ச. என் விரல்களை மேசைமேல் வைத்து, விசைப்பலகை இல்லாமலேயே ஃபாதர் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். கயவாநச. மதர் என்று அடித்தேன். அழவாநச. அந்த அம்மாள் எங்கிருந்தோ அந்த எழுத்துருவை இறக்கி, கணினியில் ஆங்கிலச் சொல்லை அடித்து, எழுத்துருவை மாற்றியிருக்கிறார். திரையில் தமிழ் வந்ததும் மொழிபெயர்ப்பு ஆகிவிட்டது என்று நம்பிவிட்டார். ஒரு வகையில் அது ஃபாதர் என்றுதான் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். சட்டென்று அது போய்விட்டது. இதை யார் அவரிடம் சொல்வது?

"நீங்களே வந்து சொல்லுங்க சேச்சி," என்றாள் தோழி. "எனக்கு இங்கிலீஷில் அவ்வளவு மரியாதையா சொல்ல வராது."

போனேன். அந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஊசி போடும் நாற்காலியில் கையை நீட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். தோழி எனக்குச் சாயா வாங்கி வைத்திருந்தாள். எதையும் சொல்வதற்கு முன்னால் அதைக் குடித்து முடித்தேன். பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். முதலில் எழுத்துரு எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கினேன். ஒரு தாளில் ஆங்கில எழுத்துகளை எழுதி அதன் கீழே தமிழை எழுதிக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்படியானால் இது தமிழில் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். அப்படித்தானே?" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அதே கையோடு அவர் தமிழ்நாடு போகப்போவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய அப்பா சின்ன வயதில் நீலகிரியில் வளர்ந்தவராம், அதனால்தான் தமிழ். ஊட்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பஸ்ஸே அந்த மணிக்கட்டைப் படிக்கும்.

"கடைசி இரண்டு எழுத்து அர்த்தமில்லாதது," என்றேன். "முதல் பகுதிக்கு அர்த்தம் இருக்கிறது. அது ஒருவரைக் கூப்பிடும் சொல். கெட்டவனே, அயோக்கியனே என்று."

தோழி திரும்பி மை பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

அந்த அம்மாள் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "எவ்வளவு மோசமான சொல்? குழந்தைகள் முன்னால் சொல்லலாமா?"

"சொல்லலாம். இப்போது யாரும் சொல்வதில்லை. நாடகத்தில் ராஜா, துரோகியைப் பார்த்துச் சொல்வார். பெரிய எழுத்து எஃப் அடித்திருந்தால் குயவா என்று வந்திருக்கும். பானை செய்பவர்."

"அவர் பானை செய்யவில்லை," என்றார். பிறகு, வானிலை சொல்வது போன்ற குரலில், தனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா தங்களை விட்டுப் போய்விட்டார் என்றார். அடுத்த தெருவிலேயே வேறொரு வீட்டில் இருந்தாராம். அம்மா காய்கறி வாங்கப் போனால் அவருடைய காரைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியில் அவர் நோயில் விழுந்தபோது மகளான இவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் இறந்தபின், மன்னித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இதைக் குத்திக்கொண்டார்.

"அம்மாவிடம் காட்டியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை," என்றார். "அவளுக்குப் புரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்."

அவர் சிரிக்கவில்லை. அதனால் நாங்களும் சிரிக்கவில்லை.

தோழி வியாபாரத்துக்கு வந்தாள். பழைய மை நன்றாக வெளிறிவிட்டது, மேலே ஒரு மிளகுக்கொடி வரைந்து முழுவதையும் மூடிவிடலாம், கீழே சேச்சி எழுதிக்கொடுக்கும் அம்மாவைக் குத்தலாம் என்றாள். நான் தாளில் 'அம்மா' என்று எழுதிக் காட்டினேன். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தான் கொண்டுவந்த தாளைக் காட்டினார்.

"இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே."

"கடைசி இரண்டு எழுத்தை விட்டால், நான் அழட்டுமா என்று கேட்கிற சொல்."

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். கீழே குடோனில் சாக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. தும்மல் வந்தது எனக்கு; சுக்கு நெடி அங்கே எப்போதும் உண்டு. நான் தும்மி முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுக்காலும் இருக்கலாம்.

"அவள் ஒரு நாளும் அழவில்லை," என்றார். "எங்கள் முன்னால் இல்லை. அவரிடம் அவள் இதைக் கேட்டிருக்க வேண்டும்." பிறகு என்னைப் பார்த்து, "மேலேயும் கீழேயும் சேர்த்துப் படித்தால் இலக்கணம் சரியாக வருமா?" என்றார்.

கயவா, அழவா? விளியும் வினாவும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சரியாக வரும்," என்றேன். "ஆனால் யோசித்துக்கொள்ளுங்கள். இது அம்மா என்று இருக்காது. படிக்கிறவர்கள் கேட்பார்கள்."

"கேட்கட்டும். இந்த முறை எனக்குப் பதில் தெரியும்."

தோழி என்னைத் தனியே அழைத்தாள். "சேச்சி, உறப்பாணோ, நிச்சயம்தானா? ரெண்டு தடவை சொல்லுங்க. எனக்கு இதுதான் விதி." இரண்டு தடவை சொன்னேன். மேல் வரியில் 'நச'வை மட்டும் ஒரு மிளகு இலையால் மூடுவது, கீழே 'அழவா' என்று குத்துவது என்று முடிவாயிற்று.

நான் எழுதியதை அவள் ஸ்டென்சில் தாளில் படியெடுத்துத் தோலில் ஒட்டி உரித்தாள். ஊதா நிறத்தில் 'அமவா' என்று விழுந்தது. ழ-வின் வால் மெல்லிய கோடாக இருந்ததால் பதியவே இல்லை.

"நிறுத்து," என்றேன். "வால் இல்லை."

"அந்தச் சின்னது வேணுமோ?"

"அதுதான் முழு எழுத்தே."

துடைத்துவிட்டு, வாலைக் கொஞ்சம் தடித்து எழுதி மறுபடி ஒட்டினாள். நான் குனிந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன், மலையாளத்தில் ழ எப்படி இருக்கிறதோ அப்படியே தமிழிலும் அது தனி எழுத்துதான் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே. சரி என்றதும் ஊசி ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தன் மறு கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். நன்றாகவே அழுத்தினார்.

முடிந்ததும் தோழி களிம்பு தடவிக் கண்ணாடிக் காகிதம் சுற்றினாள். ஆறும்வரை கடல் குளியல் வேண்டாம் என்றாள். நாங்கள் மூவரும் தெருவுக்கு இறங்கினோம். யாராவது கேட்டால் வாசித்துக் காட்ட வேண்டுமே, உச்சரிப்பு சொல்லிக்கொடுங்கள் என்றார் அந்த அம்மாள். ழ வரவில்லை. தோழி தன் வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டினாள். 'அளவா', 'அரவா' என்று வந்து, கடைசியில் ஒரு தடவை ஏறக்குறைய வந்தது. கயவா மட்டும் முதல் முறையே பிரமாதமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதைத் தெரு அதிரச் சொன்னார்.

வெங்காய வண்டி தள்ளிக்கொண்டு போன தேனிப் பக்கத்துத் தமிழர் ஒருவர் சட்டென்று நின்றார். எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு தமிழ் முகம் என்று கண்டு என்னிடம் வந்தார்.

"யாரைம்மா சொல்றாங்க அந்த அம்மா?"

"அவங்க அப்பாவை."

அவர் அந்த அம்மாளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.