பதினொரு மாதம் முன்னால் தொடங்கிய அறிக்கை

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம், அவளும் திரும்பிப் பார்ப்பாள். கேபிள் இழுக்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருமுறை, "ஏறக்குறைய முடிஞ்சிருச்சு மேடம்" என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். "ஏறக்குறையன்னா எத்தனை?" என்று கேட்டு, அவரை ஏணியில் ஏற்றி, பொய்க்கூரைப் பலகைகளைத் திறக்கவைத்து, விட்டுப்போன ஏழு கேபிள்களையும் எண்ணவைத்தாள். அன்று ஒட்டிய பெயர்.

நாற்பத்தொரு வயது. கணவர் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு அம்மாவின் வாய், இளையவளுக்கு அம்மாவின் பிடிவாதம், பாவம் அந்த மனுஷன். பதினான்கு வருடமாக எங்கள் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கை அவள்தான் பார்க்கிறாள். இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், அவளுக்கு எதிர் மேசை என்னுடையது. ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என் தொலைபேசிதான் அடிக்கும். திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான். அதனால் எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு முதல் அழைப்பு வந்தது. பதிவு கவுண்டரில் திரை உறைந்துவிட்டது. அதை வைப்பதற்குள் ரத்தப் பரிசோதனைக் கூடம், அப்புறம் எக்ஸ்ரே, அப்புறம் மருந்தகம். பத்து நிமிடத்தில் மூன்று கட்டடங்களும் படுத்துவிட்டன. வெளியே வரிசை வாசலைத் தாண்டிப் போனது. பரிசோதனை முடிவுகளைத் தாளில் எழுதி ஆட்கள் கையில் கொடுத்து ஓடவிட்டார்கள். அன்று நடக்கவிருந்த ஆறு அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் மேனேஜர், சர்வர்தான் கோளாறு என்று முதல் அரை மணி நேரத்தைத் தின்றார். பிறகு எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் மைய ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார். போட்டதும் ஒரு நிமிடம் உயிர் வந்தது, மறுபடி செத்தது. தொலைவிலிருந்து எந்த ஸ்விட்சுக்குள்ளும் நுழைய முடியவில்லை, எல்லாம் மூச்சுத் திணறிக் கிடந்தன. கறார் லேப்டாப்பையும் ஒரு நீல ஒயரையும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக நடந்தாள். ஒவ்வொரு மாடியையும் மையத்தோடு இணைக்கும் கேபிளை உருவிப் பார்ப்பாள், மாறவில்லையென்றால் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததுக்குப் போவாள். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை உருவியதும் என் தொலைபேசி அடங்கியது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் பழையபடி ஓடியது. மூன்று மணி பத்து நிமிடம்.

காரணம் கிடந்த இடம் அதே மாடியில் ஆஸ்பத்திரி டைரக்டரின் கூட்ட அறை. மேசைமேல், சுவர்த் துளையோடு இணைத்த ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி இருக்கும், பெரிய திரையும் விருந்தாளிகளின் லேப்டாப்பும் அதன் வழியாகத்தான் இணையும். லேப்டாப்புக்கான கேபிளின் ஒரு முனை பெட்டியில், மறுமுனை தரையில். காலையில் தரை துடைத்த துப்புரவு அக்கா, ஈரத்தில் கிடக்கிறதே என்று அந்த முனையை எடுத்துத் துடைத்து, பெட்டியில் காலியாக இருந்த துளையில் செருகிவைத்தார். இரண்டு முனையும் ஒரே பெட்டியில். உள்ளே போன தகவல் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் வெளியேயும் கொட்டி, ஆஸ்பத்திரி முழுவதையும் மூழ்கடித்துவிட்டது.

அன்று சாயங்காலமே துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அக்காவின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை இந்தக் கோளாறு பற்றிய அறிக்கை வரும், அதில் அக்காவின் தப்பு என்று இருந்தால் வேலை இல்லை. பன்னிரண்டு வருட வேலை. அந்த அக்காவின் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள்.

அறிக்கையை எழுத வேண்டியவள் கறார்.

புதன்கிழமை மேனேஜர் எங்கள் அறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும், அவ்வளவுதான்.

"சுருக்கமா முடிச்சிரும்மா. ஒன்பது நாப்பத்திரெண்டு, துப்புரவுப் பணியாளர் கேபிளைத் தவறா இணைச்சார். அங்க ஆரம்பி. மூல காரணம், கவனக்குறைவு. தடுப்பு நடவடிக்கை, பணியாளர்களுக்குப் பயிற்சி."

"அங்க ஆரம்பிக்கல சார் அது" என்றாள்.

"வேற எங்க ஆரம்பிச்சுது?"

"பதினோரு மாசம் முன்னாடி. நான்தான் ஆரம்பிச்சேன்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மேனேஜருக்கு மட்டும் போடவில்லை. தெரிந்த விஷயம் அவருக்கு.

விஷயம் இதுதான். கட்டடம் முழுக்க இருக்கும் ஸ்விட்சுகள் இரண்டு நொடிக்கு ஒருமுறை, "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு சிறு குறிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். தான் அனுப்பிய குறிப்பு தன்னிடமே திரும்பி வந்தால், எங்கோ வழி வளையமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு ஒரு வழியை அடைத்துவிடும். அந்த ஏற்பாட்டுக்கு ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். சுவரில் கேபிள் செருகும் சாதாரணத் துளைகளுக்குக் கறார் இன்னும் கண்டிப்பான காவல் போட்டிருந்தாள். குறிப்பு எங்கிருந்து வந்தாலும் சரி, உள்ளே வந்தால் அந்தத் துளை அந்தக் கணமே செத்துவிடும்.

பதினொரு மாதம் முன்பு, வீடியோ கருவி வாடகைக்குக் கொண்டுவந்தவர்கள் தங்கள் ஸ்விட்சை அந்தக் கூட்ட அறையின் சுவர்த் துளையில் மாட்டினார்கள். அது குறிப்பு அனுப்பும் ரகம். துளை செத்தது. டைரக்டர் பேசிக்கொண்டிருந்த கூட்டம் நடுவில் அறுந்தது, ஒரே வாரத்தில் இரண்டு தரம். அந்தத் துளை இனி எந்தக் காரணத்துக்கும் அணையக் கூடாது என்று டைரக்டரிடமிருந்து மேனேஜருக்கும், மேனேஜரிடமிருந்து கறாருக்கும் உத்தரவு வந்தது. அவள் அந்தத் துளையில் வடிகட்டி போட்டாள். அதாவது, அந்தத் துளை குறிப்பை அனுப்பவும் அனுப்பாது, வந்தாலும் பார்க்காது. காவலும் அதோடு குருடு. கருவிக்காரர்கள் மறுவாரமே தங்கள் ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வடிகட்டி மட்டும் அப்படியே கிடந்தது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை வளையம் விழுந்தபோது அந்தத் துளை அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அதையெல்லாம் இப்ப கிளறணுமா? பேரைக் குறிப்பிட்டுக் குற்றம் சொல்ற அறிக்கை நாம எழுதறதில்லையே, நீயேதானே அந்த விதியைக் கொண்டுவந்த" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். டைரக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது, உங்களைச் சொல்லக் கூடாது, என்னைச் சொல்லக் கூடாது. தரை துடைக்கிறவங்களை மட்டும் சொல்லலாம். அப்படியா விதி?"

"டீம் லீடர் பதவிக்கு உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார். எழுதினதை அழிச்சுருங்க, ரப்பர் வேணும்னா தர்றேன்."

அவர் போனபிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "ஏம்மா, உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே. வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்றேன்.

"அண்ணா, பிரேக்கைக் கழட்டி வச்சது நானு. அப்புறம் வண்டில ஏறி உக்காந்தவங்களைப் பிடிச்சு உள்ளே போடச் சொல்றீங்களா?" என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை, ஆனால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதே கூட்ட அறையில் நடந்தது. அழைப்புப் பதிவுகளைக் காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டைரக்டர், மேனேஜர், ஒப்பந்த மேற்பார்வையாளர், கறார். சுவரோரம், விளக்கம் சொல்ல வரவழைக்கப்பட்ட துப்புரவு அக்கா. ஐந்து நாற்காலி காலியாக இருந்தும் அவரை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கறார்தான் ஒரு நாற்காலியை இழுத்து, "உக்காருங்கக்கா" என்றாள்.

அறிக்கை பெரிய திரையில் வந்தது. காலவரிசையின் முதல் வரி பதினொரு மாதம் முந்தைய தேதி. கூட்டம் தடைபடக் கூடாது என்ற கோரிக்கையின் பேரில் நெட்வொர்க் பொறியாளர் வடிகட்டி போட்டார். வேறு வழி உண்டா என்று கேட்கவில்லை. எப்போது எடுப்பது என்றும் எழுதிவைக்கவில்லை. மூல காரணம் என்ற இடத்தில் அதுவேதான். ஒன்பது நாற்பத்திரண்டின் எதிரில், "கேபிளின் இரு முனைகளும் ஒரே பெட்டியில் இணைந்தன" என்பதோடு சரி. கீழே தடுப்பு நடவடிக்கைகள். அந்த வடிகட்டியை அன்றே எடுத்தாயிற்று. தேடியதில் வேறு நான்கு இடங்களிலும் கிடைத்தது, அவையும் போயின. வெள்ளம்போல் தகவல் வந்தால் அளவோடு நிறுத்தும் கட்டுப்பாடு எல்லாத் துளைகளிலும் போடப்படுகிறது. இனி எந்த விதிவிலக்குக்கும் காரணமும் முடிவுத் தேதியும் வேண்டும்.

"கோரிக்கை யாருது?" என்று கேட்டார் டைரக்டர்.

மேனேஜர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுது சார். செஞ்சது நானு" என்றாள் கறார்.

மேற்பார்வையாளர் குறுக்கே விழுந்தார். "என்ன இருந்தாலும் ஒயரை மாட்டினது இந்தம்மாதானே சார். இவங்க கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

கறார் அவரைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய், மேசையில் கிடந்த கேபிளின் முனையை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். "அக்கா, அன்னைக்கு எங்க சொருகினீங்களோ அங்கேயே சொருகுங்க."

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா, மறுபடியும் எல்லாம் நின்னுடும்."

"ஞாயித்துக்கிழமை நீ சொருகிப் பாக்கப் போறேன்னுதான் நினைச்சேன்" என்று மேனேஜர் பாதி எழுந்தார். "இப்ப வேண்டாம்மா, வேலை நேரம்."

"நேத்து சாயங்காலம் இதே மாதிரி பெட்டியையும் இதே ரகத் துளையையும் தனியா வச்சு இருபது தரம் பாத்தாச்சு சார். இருபது தரமும் துளை தானா அடைச்சுக்கிச்சு. சொருகுங்கக்கா."

அக்கா டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தலையசைத்தார். கேபிள் உள்ளே போனது.

ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் பெரிய திரை கறுத்தது. அறிக்கை காணாமல் போனது. மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். எல்லோரும் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்கள், அலுவலக எண்ணை அதற்குத்தான் திருப்பியிருந்தேன். அடிக்கவில்லை. நானே பதிவு கவுண்டருக்குப் போட்டேன். "நல்லாத்தான் ஓடுது, ஏன் கேக்கறீங்க?" என்றாள் அங்கிருந்த பெண். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போட்டேன். அவர்களுக்குப் பேச நேரமில்லை, அவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்தது.

"உங்க திரை மட்டும்தான் போச்சு சார். ஆஸ்பத்திரி ஓடுது" என்றாள் கறார்.

"இது அடிக்கடி இப்படி அணையுமா?" என்றார் டைரக்டர்.

"யாராவது தப்பா சொருகினா அணையும். உங்க கூட்டம் நடுவுல இருந்தாலும் அணையும். அதுக்கு நீங்க ஒத்துக்கணும், கையெழுத்துப் போடணும். இல்லைன்னா இன்னொரு நாள், இன்னொரு அக்கா."

டைரக்டர் அச்சடித்த பிரதியைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்து, அடியில் கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளரைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினார். அந்த ஆள் சட்டைப்பையிலிருந்து அக்காவின் அட்டையை எடுத்து மேசையில் வைத்த வேகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டீம் லீடர் பதவி மறுமாதம் வேறொருவருக்குப் போனது, அதையும் மறக்க மாட்டேன்.

அக்கா இன்னும் அந்தக் கேபிளைப் பிடித்தபடியே நின்றார். "இப்ப இதைக் கழட்டிடட்டுமா?"

"கழட்டுங்கக்கா. கழட்டிட்டு உங்க அட்டையை நீங்களே எடுத்துக்கங்க" என்றாள் கறார்.