மோட்டாரில் வந்த புயல்

என் கணவர் மலிவான சென்சார்களை வாங்கி ஒரு வானிலைக் கருவி செய்து, புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டுக் கூரையில் மாட்டினார். மழை, காற்றழுத்தம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் அது வயரில்லாமல் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அனுப்பும். காற்று பலமாக வீசினால் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெட்டியே எச்சரிக்கை போட்டுவிடும். ஆனால் காற்றை மட்டும் குறைத்துக் காட்டியது.

அதைச் சரிபார்க்க, இலை அசையாத ஒரு காலையில் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்து, கூரையிலிருந்து கழற்றிக் கம்பில் கட்டிய, காற்றின் வேகத்தை அளக்கும் சுழல் கிண்ணங்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். போனில் சரியாக முப்பது கிலோமீட்டர் வேகம். போகும்போது கருவி இருபத்து நான்கு காட்டியது, திரும்பும்போது இருபத்தாறு.

“சராசரி இருபத்தஞ்சு. ஒன்னு புள்ளி ரெண்டால பெருக்கினா சரியா வந்துரும்லா!” என்று முதுகுக்குப் பின்னால் கத்தினார்.

தெருவுக்குள் நுழைந்தால், கொளுத்தும் வெயிலில் எல்லோரும் அவசர அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா வானத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எங்கள் தலைக்கு மேல் சுற்றும் கிண்ணங்களைப் பார்த்தார்.

“பலத்த காத்துன்னு மெசேஜ் வந்துச்சு. நீங்கதானா அது?”

“பெட்டி சுவிட்ச அடைச்சிட்டு வாங்கன்னு இவர்கிட்ட தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்க்கா!” என்றேன்.

அக்கா துணி வாளியைக் கொண்டுவந்து என் கணவர் கையில் திணித்தார்.

“புயல் ஓஞ்சிருச்சில்ல தம்பி, காயப் போடுங்க.”