நாற்பத்தெட்டு என்று எழுதினேன்

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை. வரும் சரக்கைப் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிட்டு, உடைந்ததும் குறைந்ததும் இருந்தால் எழுதி வைக்க வேண்டும். இதில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு.

அன்று கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் லாரி ஓட்டி வந்தார். பல வருடப் பழக்கம். ஆர்டரில் நாற்பத்தெட்டு பெட்டி, சரக்கோடு வந்த சலானிலும் நாற்பத்தெட்டு. ஒரே பலகையில் அடுக்கி, கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. மூலையில் ஒரு பெட்டி நனைந்திருந்தது.

"சார், அதைய எழுதிப்போடுங்க. பிரிச்சு ஒருக்கா எண்ணீருங்க, நான் இருக்கறேனுங்க."

நனைந்த பெட்டியைப் படம் எடுத்தேன், சலானில் குறித்தேன், அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். எண்ணிக்கைக்கு மட்டும் எங்கள் கிடங்கின் பழைய வழக்கம்தான், பிரிக்காமலே பெருக்குவது: வரிசைக்குப் பன்னிரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு வரிசை.

"வெளியில பாத்தாலே தெரியுதுங்களே, அண்ணா, நீங்க கெளம்புங்க" என்று பெரிய மனுஷன் போல அனுப்பி வைத்தேன். வரவுச் சீட்டில் நாற்பத்தெட்டு, சேதம் ஒன்று என்று எழுதினேன்.

மறுநாள் பிரித்தபோது மூன்றாம் வரிசையின் நடுவில் இரண்டு பெட்டி இல்லை. செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கியிருந்ததால் மேல்வரிசை உள்ளே இறங்கவில்லை. இறக்கும்போதே சலானில் எழுதாத குறைவை யார் ஏற்பார்கள்? மேலாளர் விளக்கம் கேட்டார். எண்ணவில்லை என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். எனக்கு மானம் பெரிதாகிவிட்டது. 'ஓட்டுநர் அவசரப்படுத்தினார், எண்ண விடவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த விளக்கம் லாரிக் கம்பெனிக்குப் போனது; அவர்கள் அவரை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாளில் அனுப்பியவர்களே சொன்னார்கள்: இரண்டு பெட்டியும் அவர்களுடைய கிடங்கிலேயே நின்றுவிட்டனவாம். வரவுச் சீட்டில் நாற்பத்தாறு என்று திருத்தினேன். என் விளக்கத்தைத் திருத்தவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளியே ஒரு வருடம் போய்விட்டது. இப்படி ஒரு கோழை எனக்குள் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

போன மாதம் பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவர். தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறாராம். கையெல்லாம் காய்ப்பு.

"ஏனுங்க சார், அந்த ரெண்டு பொட்டி கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுங்க அண்ணா. அனுப்புன எடத்துலயே இருந்துச்சு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "நல்லதாப் போச்சுங்க. அப்பவே நீங்க எனக்காகக் கம்பெனிக்கு எழுதியிருப்பீங்க. அவியதான் என்றகிட்ட சொல்லாம விட்டுட்டாங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் டிக்கெட்டையும் அவரே எடுத்தார்.